அண்ணாச்சி கேட்ட நாலரை லட்சம்

ஏப்ரல் மாதம், வருடக் கணக்கு முடிக்கிற நாட்களில், என் மேஜைக்கு வரும் கேள்விகளில் பாதி ஒன்றேதான்: "லாபம்னு எழுதியிருக்கீங்க, கையில காசு இல்லையே?" சென்னைப் புறநகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி 2025 ஏப்ரலில் இதைக் கேட்டபோது அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. நான் கொடுத்த கணக்குத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எழுந்து போகும் நேரத்தில் குரலைத் தணித்துச் சொன்னார்: "தம்பி, மத்தியானம் கல்லாவுல என் தங்கச்சி மகன்தான் இருக்கான். வாயால சொல்லவே கூசுது. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

நேரில் சொன்னால் பாதி காதில் விழாது, வீட்டில் அக்காவும் படிக்கட்டும் என்று கடிதமாகவே எழுதினேன். கடை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியதால், அவருடைய சம்மதத்தோடு அதை இங்கே தருகிறேன்.

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சனிக்கிழமை நீங்கள் போன பிறகு உங்கள் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். 2024-25ஆம் வருடத்தில் கடை விற்றது 96 லட்சம். செலவெல்லாம் போக லாபம் 4,50,000. அது சரிதான். மார்ச் 31 ராத்திரி கல்லாவிலும் பேங்கிலும் சேர்த்து இருந்தது 42,000. அதுவும் சரிதான். அதற்கு முந்தின மார்ச் 31இல் 3,32,000 இருந்தது. நாலரை லட்சம் சம்பாதித்த வருடத்தில், இருந்த பணத்திலும் 2,90,000 குறைந்திருக்கிறது என்றால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

முதலில் மருமகன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீங்கள் நிம்மதியாகப் படிக்க மாட்டீர்கள். கல்லாவில் கை வைப்பவர் இரண்டு வழியில்தான் எடுக்க முடியும். பில் போடாமல் சரக்கைக் கொடுத்துவிட்டுக் காசை எடுக்கலாம். அப்படி எடுத்தால் சரக்கு போயிருக்கும், விற்பனையில் ஏறியிருக்காது. மார்ச் 31 ராத்திரி நாம் மூட்டை மூட்டையாக எண்ணினோமே, அந்த எண்ணிக்கையில் குறை விழுந்து, நூறு ரூபாய் விற்பனைக்கு நிற்கிற 12 ரூபாய் மார்ஜின் பதினொன்றாகவோ பத்தாகவோ இறங்கியிருக்கும். இறங்கவில்லை, போன வருடமும் 12, இந்த வருடமும் 12. அடுத்த வழி, பில் போட்டுவிட்டுப் பணத்தை எடுப்பது. அப்படியானால் புத்தகத்தில் இருக்க வேண்டிய பணத்துக்கும் கையில் இருக்கிற பணத்துக்கும் வித்தியாசம் வரும். அதுவும் வரவில்லை, கீழே நான் போடும் கணக்கு 42,000இல்தான் வந்து நிற்கிறது. ஐந்து பத்து எடுத்தால் இந்தக் கணக்கில் தெரியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் லட்சக்கணக்கில் போயிருந்தால் மறைக்க இடமில்லை. இவ்வளவு உறுதியாக என்னால் சொல்ல முடிவது, சரக்கை நாம் கையால் எண்ணியதால்தான். பல கடைகளில் மார்ஜின் இவ்வளவு இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தோதாகச் சரக்கு மதிப்பை எழுதிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு யாரையும் காட்டிக்கொடுக்காது, யாரையும் காப்பாற்றவும் செய்யாது.

சரி, பணம் எங்கே?

நீங்கள் லாபம் என்று மனதில் வைத்திருப்பது, வந்த காசில் போன காசைக் கழித்தால் மிஞ்சுவது. புத்தகம் அப்படிப் பார்ப்பதில்லை. புளி மூட்டை வாங்கி 8,000 ரூபாய் கொடுத்தீர்கள் என்றால் கல்லாவுக்கு அது போன பணம். புத்தகத்துக்கு அது இன்னும் செலவே இல்லை. பணம் புளியாக மாறி உங்கள் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் புளி விற்கிற அன்றைக்குத்தான் 8,000 ரூபாய் செலவுக் கணக்கில் ஏறும். விற்பனையும் அப்படித்தான். சரக்கு கவுண்டரைத் தாண்டிய நிமிடமே விற்பனையாகிவிடும், காசு வந்ததா நோட்டில் எழுதப்பட்டதா என்று லாபக் கணக்கு கேட்காது. ஒரு வருடத்தின் உழைப்பை அந்த வருடத்தோடு பொருத்திப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இந்த வழியில் வருகிற லாபம் கல்லாவில் இருக்கிறது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் கடையை நூறு ரூபாய் விற்பனையாகச் சுருக்கிப் பார்ப்போம். நூறு ரூபாய்க்கு விற்ற சரக்கின் அசல் 88 ரூபாய். மீதி 12. வாடகை, இரண்டு பையன்களின் சம்பளம், கரண்ட், ஜிஎஸ்டி, ஏற்றுக்கூலி, லோன் வட்டி, தேய்மானம் எல்லாமாக 7 ரூபாய் 31 காசு. நிற்பது 4 ரூபாய் 69 காசு. இதுதான் அந்த நாலரை லட்சம். இதில் உங்கள் சம்பளமோ, காலை 6 மணிக்குக் கடை திறக்கிற அக்காவின் சம்பளமோ கழிக்கப்படவில்லை. சொந்தக்காரருக்குச் சம்பளம் எழுதுகிற வழக்கம் இந்தக் கணக்கில் இல்லாததால், லாபம் என்று பெயர் வைத்திருப்பதில் பெரும் பங்கு உங்கள் இரண்டு பேரின் கூலிதான்.

இப்போது முக்கியமான இடம். 88 ரூபாய் சரக்கு வெளியே போனால், கடையைப் பழையபடி வைக்க 88 ரூபாய்க்கு வாங்கினால் போதும். நீங்கள் இந்த வருடம் ஒவ்வொரு நூறு ரூபாய் விற்பனைக்கும் 91 ரூபாய் 33 காசுக்கு வாங்கியிருக்கிறீர்கள். 3 ரூபாய் 33 காசுதான் கூடுதல். கொள்முதல் பில்லைத் தனித்தனியாகப் பார்த்தால் யார் கண்ணுக்கும் படாது. 96 லட்சத்துக்கு அதைப் பெருக்கினால் 3,20,000 ரூபாய். வருட ஆரம்பத்தில் 6 லட்சமாக இருந்த சரக்கு, முடிவில் 9,20,000 ஆகியிருக்கிறது. வேறு விதமாகச் சொன்னால், வாங்குவதை இன்றோடு நிறுத்தினால் முன்பு 26 நாளைக்குக் கடை ஓடும். இப்போது 40 நாளைக்கு ஓடும். உங்கள் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அலமாரியிலும் குடோனிலும் இருக்கிறது.

எண்ணும்போதே எனக்குத் தெரிந்தது. மிளகாய், புளி, மல்லி புதுவரத்து வந்ததும் இந்த முறை வருடத்துக்கே வாங்கிப் போட்டது ஏறக்குறைய 1,40,000. அதில் எனக்குக் குறை இல்லை. விலை இறங்கும் காலத்தில் வாங்கியிருக்கிறீர்கள், தானாகக் கரையும். தீபாவளிக்கு வாங்கி நின்றுபோன பரிசுப் பெட்டிகளும், யாரும் கேட்காத கிரீம், ஷாம்பு பாட்டில்களும் 60,000. ஃப்ரீசர் வந்த பிறகு சேர்த்த புதுப் பொருட்கள் 50,000. மீதி 70,000 சோப்புத்தூள்.

சோப்புத்தூளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். மார்ச் கடைசி வாரம் சேல்ஸ்மேன் தம்பி வந்து பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்றார். அவருக்கும் மார்ச் 31க்குள் டார்கெட் முடிக்க வேண்டும், அவர் மேல் தப்பில்லை. 70,000 ரூபாய்க்கு எடுத்ததில் 7,000 ரூபாய்ச் சரக்கு சும்மா வந்தது. ஆனால் அந்த சோப்புத்தூள் உங்கள் கடையில் மாதம் 10,000 ரூபாய் அளவுக்குத்தான் போகிறது. அப்படியென்றால் கடைசிப் பெட்டி விற்கும்போது அக்டோபர் தாண்டிவிடும். இதற்கிடையில் ஏப்ரல் முதல் வாரம் என்ன நடந்தது? பருப்பு மண்டியில் ரொக்கம் கொடுத்தால்தான் மூட்டை இறக்குவார்கள். கையில் ரொக்கம் இல்லாததால் உங்கள் கடையில் இரண்டு நாள் துவரம் பருப்பு இல்லை. பருப்பு மூட்டை ஐந்து நாளில் தீர்ந்து பணமாகத் திரும்பி வரும் சரக்கு. பருப்புக்கு வந்தவர் வெறும் பருப்போடு போவதில்லை. எண்ணெய், கடுகு, பிள்ளைக்கு பிஸ்கட் என்று 400 ரூபாய்க்காவது வாங்குவார். அந்த இரண்டு நாளும் அவர் எதிர்க் கடைக்குப் போனார். 7,000 ரூபாய் இலவசச் சரக்கு கண்ணுக்குத் தெரிகிறது, பில்லிலும் இருக்கிறது. திரும்பிப் போன வாடிக்கையாளர் எந்தப் பில்லிலும் இல்லை. ஸ்கீமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் விற்கிற அளவுக்குள் ஸ்கீம் கிடைத்தால் எடுங்கள். ஏழு மாதத்துக்குக் கிடைத்தால் அந்த இலவசத்துக்கு நீங்கள் வேறு இடத்தில் விலை கொடுக்கிறீர்கள்.

அடுத்தது கடன் நோட்டு. வருட ஆரம்பத்தில் 1,10,000 வர வேண்டியிருந்தது, இப்போது 2,30,000. கூடிய 1,20,000 ரூபாய்க்கான விற்பனை லாபக் கணக்கில் ஏறிவிட்டது, காசு ஏறவில்லை. நோட்டைப் பக்கம் பக்கமாகப் பிரித்தேன். அதில் 1,05,000 காலனியில் சம்பளக்காரர்கள் வீடு. ஒன்றாம் தேதி வாங்கி அடுத்த ஐந்தாம் தேதி கொடுப்பவர்கள். அது சுற்றுகிற கடன், அதைத் தொட வேண்டாம். அந்தக் கடன்தான் அவர்களை உங்கள் கடையில் வைத்திருக்கிறது. மெஸ் நடத்துபவர் பெயரில் மட்டும் 75,000 நிற்கிறது; அக்டோபரிலிருந்து பழைய பாக்கியில் கை வைக்காமல், புதுச் சரக்கில் பாதிக்கு மட்டும் காசு கொடுக்கிறார். இன்னொரு 50,000 ஆறு மாதமாகக் கடைப்பக்கம் தலைகாட்டாதவர்கள். இந்த 50,000 வராது என்று முடிவானால், அதை லாபத்திலிருந்தே கழித்தாக வேண்டும், அப்போது நாலரை லட்சம் 4 லட்சமாகும். நூற்றுக்கு 4 ரூபாய் 69 காசு நிற்கிற கடையில் 5,000 ரூபாய் வராமல் போனால், அதை ஈடுகட்ட ஒரு லட்சத்துக்கு மேல் புதிதாக விற்க வேண்டும். நோட்டில் கடைசியாகப் பெயர் எழுதுவதற்கு முன்னால் இந்தக் கணக்கு ஒரு நிமிடம் மனதில் வந்தால் போதும்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். லாபம் 4,50,000. இதோடு 30,000 சேர்க்க வேண்டும். அது ஃப்ரீசருக்கும் எடை மெஷினுக்கும் 15 சதவீதம் என்று நான் எழுதிய தேய்மானம். புத்தகத்தில் செலவு, ஆனால் யார் கையிலும் நீங்கள் கொடுக்காத பணம். ஆக 4,80,000. சரக்கில் போனது 3,20,000, கடன் நோட்டில் போனது 1,20,000. மீதி வெறும் 40,000. வருடம் முழுக்க ஓடிய கடை உங்கள் கையில் கொடுத்த ரொக்கம் இவ்வளவுதான்.

இதற்குப் பிறகும் கடை நின்றுவிடாமல் இருந்ததற்குக் காரணம் ஸ்டாக்கிஸ்டுகள். அவர்களுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது 2,60,000இலிருந்து 3,50,000 ஆகியிருக்கிறது. அந்த 90,000, மார்ச் கடைசியில் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளி வைத்த மூன்று பில். அண்ணாச்சி, மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்: அந்த மூன்று பில்லையும் தேதிப்படி கொடுத்திருந்தால் மார்ச் 31இல் கையில் 42,000 இருந்திருக்காது, 48,000 குறைந்திருக்கும். கையில் இருந்ததே அவர்களுடைய பணம்தான். நீங்கள் பயப்பட வேண்டியது இந்த இடத்தைப் பார்த்துத்தான். கொடுக்கிற நாள் ஏழிலிருந்து பத்தாகி, பத்திலிருந்து பதினைந்தாகி, ஒரு செக் திரும்பினால், மறுநாள் எல்லா வேனும் ரொக்கம் இருந்தால்தான் சரக்கு இறக்கும்.

ஆக 40,000, ஸ்டாக்கிஸ்டு கடன் 90,000, சேர்ந்து 1,30,000. இதிலிருந்து பேங்க் லோன். மாதம் 14,000 கட்டுகிறீர்கள், வருடத்துக்கு 1,68,000. அதில் வட்டி 48,000 மட்டும்தான் செலவு என்று லாபக் கணக்கில் கழிந்திருக்கிறது. அசல் 1,20,000 கழியவில்லை. ஏன் என்று கேட்டீர்கள். கடன் வாங்கியபோது வந்த 5 லட்சத்தை நாம் வருமானம் என்று எழுதவில்லையே, அதனால் திருப்பிக் கொடுப்பதும் செலவாகாது. ஆனால் கல்லாவுக்கு இந்த நியாயம் தெரியாது, அங்கே முழு 14,000மும் போகிறது. 1,30,000இல் அதுவும் போக நிற்பது 10,000. பிறகு வீட்டுக்கு மாதம் 20,000 வீதம் 2,40,000. பாப்பாவின் ஸ்கூல் ஃபீஸ் 60,000, அது கடை கியூஆர் கணக்கிலிருந்தே போயிருக்கிறது. மொத்தம் 3 லட்சம். 10,000இல் 3 லட்சம் எடுத்தால் 2,90,000 பள்ளம். அந்தப் பள்ளத்தைத்தான் பழைய 3,32,000 நிரப்பியது. மீதி 42,000. கணக்கு முடிந்தது, நடுவில் யாருடைய கையும் இல்லை.

ரிட்டர்ன் போடும்போது இன்னொரு தொகையைப் பார்ப்பீர்கள், அதைப் பார்த்து மறுபடி குழம்ப வேண்டாம். 2 கோடிக்குள் விற்கிற கடைகளுக்கு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில், யுபிஐ, பேங்க் வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று காட்டிவிடலாம். உங்களுக்கு அது ஏறக்குறைய ஆறரை லட்சம் வரும். புது வரி முறையில் 2024-25ஆம் வருட வருமானத்துக்கு 7 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பதால் பாதகமில்லை. அது வரிக்காகச் சட்டம் வகுத்த அளவு. உங்கள் கடையின் உண்மையான லாபமும் இல்லை, கல்லாவும் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அரைக் கணக்காகிவிடும். இரண்டு வருடத்துக்கு முன்னால் உங்களுக்கு இடுப்புவலி வந்து மூன்று மாதம் சரிவர வாங்காமல் இருந்தீர்கள், நினைவிருக்கிறதா? அந்த வருடம் லாபம் குறைவு, ஆனால் பேங்கில் பணம் நின்றது. கடை நல்லபடியாக ஓடுகிறது என்று சொன்னீர்கள். அலமாரி காலியாகிப் பணமாக வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். கல்லா நிறைந்திருப்பதை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம்.

இனி செய்ய வேண்டியதற்கு வருகிறேன். வாரம் ஏறக்குறைய 1,85,000 விற்கிறது. அதன் அசல் 1,62,800. இந்த வாரத்திலிருந்து வாரக் கொள்முதல் 1,50,000ஐத் தாண்ட வேண்டாம். வாரத்துக்கு 12,800 வீதம் சரக்கிலிருந்து பணம் வெளியே வரும். 25 வாரத்தில், அதாவது தீபாவளிக் கொள்முதலுக்கு முன்னால், அந்த 3,20,000 திரும்பிவிடும். குறைப்பது பருப்பிலும் எண்ணெயிலும் அரிசியிலும் இல்லை, அதில் தொட்டால் கடையே படுத்துவிடும். சோப்புத்தூள், கிரீம், புளி, மிளகாய் இருக்கிற வரை அவற்றைப் புதிதாக வாங்காமல் இருந்தாலே பெரும்பகுதி வந்துவிடும். நின்றுபோன பரிசுப் பெட்டிகளை அசலுக்குக் கீழேயாவது தள்ளிவிடுங்கள். நஷ்டம் எழுத வேண்டிவரும், லாபம் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஆனால் 60,000 மதிப்புக்குப் பெட்டியாக இருப்பதைவிட 35,000 ரொக்கமாக இருந்தால் பருப்பு மண்டியில் மதிப்பு. அதில் வருகிற ரொக்கத்தை வேறு எதற்கும் தொடாமல் அந்த மூன்று பில்லை முதலில் முடியுங்கள்.

மெஸ்காரரிடம் சண்டை வேண்டாம். இனி அன்றாடச் சரக்கு முழுவதும் ரொக்கத்துக்கு, பழையதில் தினமும் 500 என்று பேசுங்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் கையில் பணம் இருக்கும் நேரம் 3 மணி, அப்போது ஆள் அனுப்புங்கள். 150 நாளில் தீரும். ஒரே தடவையில் கேட்டால் அவர் கடையையே மாற்றிவிடுவார், 75,000மும் போகும்.

வீட்டுக்கு எடுப்பதைக் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, 20,000இல் குடும்பம் நடத்துவது எனக்குத் தெரியும். ஆனால் அது கடைக் கணக்கிலிருந்து மாதம் ஒரே தடவை, ஒரே தேதியில், அக்காவின் பேங்க் கணக்குக்குப் போகட்டும். வீட்டுக்கு எடுக்கும் அரிசி பருப்பையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதாமல் எடுத்தால் அது மார்ஜினில் குறைவாக வந்து நின்று, அடுத்த வருடம் மறுபடி யார் மேலாவது சந்தேகம் கிளப்பும்.

சனிக்கிழமை ராத்திரி கடை அடைத்ததும் நான்கு எண் எழுதி வைத்தால் போதும்: அந்த வாரம் விற்றது, வாங்கியது, கடன் நோட்டில் நிற்பது, ஸ்டாக்கிஸ்டுகளுக்குக் கொடுக்க வேண்டியது. கால் மணி நேர வேலை. அதை எழுதுகிற பொறுப்பை மருமகனிடம் கொடுங்கள். எண்ணிய அன்று ராத்திரி ஒன்றரை மணி வரை என்னோடு இருந்து, ஒவ்வொரு மூட்டையின் எடையையும் வாய்விட்டுச் சொன்னது அவர்தான்.

நீங்கள் கேட்டதை அவரிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருகிறேன், கடன் நோட்டை எடுத்து வையுங்கள். அந்த 50,000இல் யார் யார் வீட்டுக்குப் போகலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கணக்குத் தம்பி